6,500 ரூபாய் 15,000 ரூபாயை விடப் பெரிதா? பி.எஃப். உச்சவரம்பை வைத்து உண்மை மதிப்புக் கணக்கு, படிப்படியாக

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் ஊதிய உச்சவரம்பு என்று ஒன்று உண்டு. ஓய்வூதியத் திட்டத்துக்குப் பங்களிப்பு எவ்வளவு போகும், கடைசியில் ஓய்வூதியம் எவ்வளவு வரும் என்பதை இந்த எண்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. 2001 ஜூன் மாதம் முதல் அது 6,500 ரூபாயாக இருந்தது. 2014 செப்டம்பர் 1 அன்று 15,000 ரூபாயானது. அதே நாளில் குறைந்தபட்ச ஓய்வூதியமாக மாதம் 1,000 ரூபாயும் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு பத்து ஆண்டுகள் கழித்து, 2024-இலும் இரண்டு எண்களும் அப்படியேதான் இருந்தன.

இதை வைத்து ஒரு கேள்வி கேட்கலாம்: "2001 முதல் 2024 வரை உச்சவரம்பு எவ்வளவு உயர்ந்தது?" உடனே வரும் பதில் 130 சதவீதம், இரண்டு மடங்குக்கும் மேல். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் 2001-இன் ரூபாயையும் 2024-இன் ரூபாயையும் ஒரே அலகாக நினைத்து ஒப்பிட்டுவிட்டோம். விலைவாசியைக் கணக்கில் சேர்த்தால் இதே கேள்விக்கு நேர் எதிரான பதில் வருகிறது: உச்சவரம்பு கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிட்டது. அந்தப் பதிலுக்கு எப்படிப் போவது என்பதைத்தான் இங்கே ஒவ்வொரு படியாகச் செய்து பார்க்கப் போகிறோம். சம்பளம், வாடகை, உதவித்தொகை, அபராதத் தொகை என்று எந்தப் பழைய எண்ணை எடுத்தாலும் வழி இதேதான்.

படி 1: தொகையோடு தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள்

தேதி இல்லாத தொகையை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. நம் கணக்குக்கு மூன்று புள்ளிகள் போதும். 2001 ஜூன், 6,500 ரூபாய். 2014 செப்டம்பர், 15,000 ரூபாய். 2024 ஆகஸ்ட், அதே 15,000 ரூபாய்.

மூன்றாவது புள்ளியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தொகை மாறவில்லையே, அதை எதற்குத் தனியாக எழுத வேண்டும் என்று தோன்றும். ஆனால் மாறாமல் நிற்கும் தொகையில்தான் விலைவாசி சத்தமில்லாமல் வேலை செய்கிறது. ஒரு தொகை எப்போது மாறியது என்பதைக் குறித்துக்கொள்ளும்போதே, எவ்வளவு காலம் மாறாமல் கிடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: யாருடைய செலவு என்று கேட்டுக் குறியீட்டெண்ணைத் தேர்ந்தெடுங்கள்

இந்தியாவில் விலைக் குறியீட்டெண் ஒன்றல்ல, பல. மொத்த விலைக் குறியீட்டெண் உற்பத்தியாளர்களும் மொத்த வியாபாரிகளும் கைமாற்றும் பொருட்களின் விலையைப் பின்தொடர்வது. அதில் வீட்டு வாடகை இல்லை, மருத்துவர் கட்டணமும் இல்லை. ஒரு தொழிலாளியின் ஓய்வூதியம் எவ்வளவு வாங்கும் என்று பார்க்க அது பொருந்தாது.

நமக்குப் பொருத்தமானது தொழிலாளர் பணியகம் மாதாமாதம் வெளியிடும் ஆலைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண். நாடு முழுவதும் உள்ள தொழில் மையங்களின் சந்தைகளிலிருந்து இதற்கு விலை எடுக்கிறார்கள். சென்னை, கோவை, மதுரை, சேலம் எல்லாம் அந்த மையங்களில் அடக்கம். மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படியும் இதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. பி.எஃப். உறுப்பினர்கள் பெரும்பாலும் தொழிலாளர்கள் என்பதால் இதையே எடுத்துக்கொள்வோம்.

படி 3: அடிப்படை ஆண்டைச் சரிபார்த்து, தொடரை இணையுங்கள்

இந்தக் கணக்கில் மிகப் பெரிய தவறு நடக்கும் இடம் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

குறியீட்டெண் என்பது ரூபாய் அல்ல. ஏதோ ஓர் ஆண்டை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற காலங்களை அதோடு ஒப்பிடும் எண் அது. அந்த ஆண்டுதான் அடிப்படை ஆண்டு. மக்கள் வாங்கும் பொருட்கள் காலப்போக்கில் மாறுவதால் அடிப்படை ஆண்டையும் அவ்வப்போது மாற்றுவார்கள். ஆலைத் தொழிலாளர் குறியீட்டெண்ணுக்கு முன்பு 2001 அடிப்படையாக இருந்தது. 2020 செப்டம்பர் மாதக் குறியீட்டிலிருந்து அது 2016 ஆனது.

மாற்றம் நடந்த இடத்தைப் பாருங்கள். 2020 ஆகஸ்டில் குறியீட்டெண் 338. அடுத்த மாதம் 118.1. அடிப்படை மாறியது தெரியாமல் இந்த இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டால், ஒரே மாதத்தில் விலைவாசி மூன்றில் ஒரு பங்காகச் சரிந்ததாக வரும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அளவுகோல்தான் மாறியது.

இரண்டு தொடர்களையும் ஒட்டுவதற்கு இணைப்புக் காரணி என்று ஓர் எண்ணை அரசே அறிவிக்கிறது. 2016 தொடரிலிருந்து 2001 தொடருக்குப் போக அது 2.88. அதாவது 118.1 × 2.88 = 340.1. முந்தைய மாதத்தின் 338-க்குப் பக்கத்தில் வந்து உட்கார்கிறது. இணைப்புச் சரியா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை இது: ஒட்டிய இடத்தில் பெரிய பள்ளமோ மேடோ இருக்கக் கூடாது.

இப்போது நம் மூன்று புள்ளிகளுக்கும் 2001 = 100 என்ற ஒரே அளவுகோலில் குறியீட்டெண் எழுதலாம். 2001-க்கு 100. இது அந்த ஆண்டின் சராசரி. ஜூன் மாதத்து எண் இதிலிருந்து சிறிது விலகலாம், ஆனால் இருபது ஆண்டுக் கணக்கின் முடிவை அது மாற்றாது. அடுத்து 2014. உயர்வு செப்டம்பர் 1-இல் வந்ததால் ஆகஸ்ட் மாத எண்ணை எடுப்போம்: 253. பிறகு 2024 ஆகஸ்ட். வெளியான எண் 142.6, அதை 2.88-ஆல் பெருக்கினால் 410.7.

பிந்தைய இரண்டுக்கும் ஒரே மாதத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. காய்கறி விலை பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். வீட்டு வாடகைப் பகுதியை ஜனவரியிலும் ஜூலையிலும் மட்டும் புதுப்பிக்கிறார்கள். மாதங்களைக் கலந்து எடுத்தால் இந்த ஏற்ற இறக்கங்கள் பணவீக்கம்போலத் தெரியும்.

படி 4: பெருக்கி வகுங்கள்

சூத்திரம் ஒரே வரி. எந்த ஆண்டின் ரூபாயில் பார்க்க வேண்டுமோ அந்த ஆண்டின் குறியீட்டெண்ணால் தொகையைப் பெருக்கி, தொகை எந்த ஆண்டைச் சேர்ந்ததோ அந்த ஆண்டின் குறியீட்டெண்ணால் வகுக்க வேண்டும். விரிதாளில் இப்படி எழுதலாம்:

```
   A            B       C       D          E
2  2001 ஜூன்     6500    100     =C2        =B2*$D$4/D2
3  2014 செப்.     15000   253     =C3        =B3*$D$4/D3
4  2024 ஆகஸ்ட்   15000   142.6   =C4*2.88   =B4*$D$4/D4
```

C பத்தியில் வெளியான எண், D பத்தியில் இணைத்த எண், E பத்தியில் 2024 ஆகஸ்ட் ரூபாயில் மதிப்பு. E பத்தியில் வரும் விடைகள்: 26,695, 24,349, 15,000.

திசை குழம்பினால் ஒன்றை நினைவில் வையுங்கள். விலை ஏறிய காலத்தில், பழைய தொகையை இன்றைய ரூபாய்க்குக் கொண்டுவந்தால் எண் பெரிதாக வேண்டும். சிறிதாக வந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டீர்கள்.

படி 5: விடையை இரு திசையிலும் படியுங்கள்

2001-இல் வைத்த 6,500 ரூபாய் உச்சவரம்பு, 2024 ரூபாயில் ஏறக்குறைய 26,700. அன்றைய வாங்கும் திறனை மட்டும் காப்பாற்றியிருந்தால்கூட உச்சவரம்பு 2024-இல் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 15,000. அதாவது 56 சதவீதம்தான்.

இதையே 2001 ரூபாய்க்குத் திருப்பிப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகிறது. 2001-இல் 6,500-இல் தொடங்கியது. தொகை மாறாமலே, 2014 ஆகஸ்டுக்குள் அதன் உண்மை மதிப்பு 2,569 ஆகத் தேய்ந்தது. செப்டம்பரில் 15,000 ஆக்கியதும் ஒரே தாவலில் 5,929. அங்கிருந்து மறுபடி தேய்ந்து 2024 ஆகஸ்டில் 3,652.

ரம்பப் பல் போன்ற வடிவம் இது. இப்படிப்பட்ட தொகைகளில் எந்த இரண்டு புள்ளிகளை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கதை தலைகீழாகும். 2014 ஆகஸ்டையும் 2024 ஆகஸ்டையும் ஒப்பிடுபவர், பணவீக்கத்தைச் சேர்த்த பிறகும் உச்சவரம்பு 42 சதவீதம் உயர்ந்தது என்பார். ஒரு மாதம் தள்ளி 2014 செப்டம்பரில் தொடங்குபவர் 38 சதவீதம் குறைந்தது என்பார். இருவர் கணக்கும் சரி. ஒருவர் பள்ளத்திலிருந்து அளக்கிறார், மற்றவர் உச்சியிலிருந்து. அதனால் பணவீக்கத்தைச் சேர்த்துவிட்டதாக யாராவது சொன்னாலும் தொடக்கப் புள்ளி எது என்று கேளுங்கள். நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால் உயர்வு வந்த நாளை உயர்வு வந்த நாளோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் 2001-இல் 6,500, 2014-இல் 5,929. பெரிய உயர்வு என்று சொல்லப்பட்ட 2014 உயர்வு, 2001-இன் நிலையைக்கூடத் திரும்ப எட்டவில்லை.

சதவீதத்தைச் சதவீதத்திலிருந்து கழிக்காதீர்கள்

இந்தக் கடைசி ஒப்பீட்டை வேறு மாதிரிச் செய்பவர்கள் நிறையப் பேர். 2001-க்கும் 2014-க்கும் இடையே தொகை 130.8 சதவீதம் உயர்ந்தது, விலை 153 சதவீதம் உயர்ந்தது, எனவே உண்மையில் 22 சதவீதம் இழப்பு என்பார்கள். தவறு. தொகை 2.308 மடங்கு ஆனது, விலை 2.53 மடங்கு ஆனது. 2.308-ஐ 2.53-ஆல் வகுத்தால் 0.912. இழப்பு 8.8 சதவீதம் மட்டுமே.

ஓராண்டு வட்டி 7 சதவீதம், பணவீக்கம் 5 சதவீதம் என்கிற மாதிரி சின்ன எண்களில் கழித்தல் ஓரளவு பொருந்திப் போகும். கழித்தால் 2, வகுத்தால் 1.9. அந்தப் பழக்கத்தில்தான் நீண்ட காலக் கணக்கிலும் கழிக்கிறோம். எண்கள் பெரிதாகப் பெரிதாகப் பிழையும் பெரிதாகிறது. உங்கள் வாதத்துக்குச் சாதகமாகவே பிழை இருந்தாலும் அதை வைத்துக்கொள்ளாதீர்கள். எதிர்த்தரப்பு ஒருமுறை கண்டுபிடித்தால் உண்மையான 8.8 சதவீதத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு தொழிலாளியின் ஓய்வூதியத்தில் இது எப்படி இறங்குகிறது

உச்சவரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் ஒருவர் 2006 செப்டம்பரில் சேர்ந்து, 2024 ஆகஸ்டில் 58 வயதில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18 ஆண்டுப் பணி. உச்சவரம்பைத் தாண்டிய முழுச் சம்பளத்துக்கும் பங்களித்து உயர் ஓய்வூதியம் பெற அவர் விருப்பம் தெரிவிக்கவில்லை. ஓய்வூதியச் சூத்திரம், ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. இதில் 2014 ஆகஸ்ட் வரையான பணிக்கு 6,500 உச்சவரம்பும், அதற்குப் பிந்தைய பணிக்கு 15,000 உச்சவரம்பும் விகிதப்படி எடுக்கப்படும்.

எட்டு ஆண்டுக்கு 52,000, பத்து ஆண்டுக்கு 1,50,000, கூட்டினால் 2,02,000. 70-ஆல் வகுத்தால் மாதம் 2,886 ரூபாய்.

இந்தக் கணக்குக்குள் எத்தனை இடத்தில் விலைவாசி விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். 2024-இல் கையில் வாங்கப் போகும் ஓய்வூதியத்துக்கு, 2001-இல் நிர்ணயித்த 6,500 என்ற எண் எந்தத் திருத்தமும் இல்லாமல் அப்படியே நுழைகிறது. 2014-இன் 15,000-மும் அப்படியே. இரண்டையும் ஒரே அலகு மாதிரிக் கூட்டுகிறார்கள். 2001-இன் உச்சவரம்பு விலைவாசியோடு நகர்ந்திருந்தால் 26,695 × 18 ÷ 70, அதாவது மாதம் 6,864 ரூபாய் வந்திருக்கும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உச்சவரம்பு ஏறினால் பங்களிப்பும் ஏறும். முதலாளி செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், உச்சவரம்பு வரைக்கும் கணக்கிட்டு, ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. 15,000-க்கு அது 1,250 ரூபாய். 26,695 ஆக இருந்திருந்தால் ஏறக்குறைய 2,224 ரூபாய் போயிருக்கும். எனவே 6,864-க்கும் 2,886-க்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் தொழிலாளி இழந்த பணம் என்று சொல்லிவிட முடியாது. அதில் ஒரு பகுதி, உள்ளே போகாமலே நின்ற பங்களிப்பு. அந்தப் பங்களிப்பைக் கூட்டும்போதும் கவனம் வேண்டும். பத்து ஆண்டில் 1,250 × 120 = ஒன்றரை லட்சம் கட்டப்பட்டது என்பது வெவ்வேறு ஆண்டு ரூபாய்களைக் கலந்து கூட்டிய எண். ஒவ்வோர் ஆண்டின் பங்களிப்பையும் முதலில் ஒரே ஆண்டின் ரூபாய்க்கு மாற்றிவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு நிலைமை இன்னும் மோசம். வரும் 2,886 ரூபாய் விலைவாசியோடு ஏறுவதில்லை. குறைந்தபட்ச ஓய்வூதியமான 1,000 ரூபாயைப் பாருங்கள். 2014 ஆகஸ்ட் விலையில் 1,000-க்கு வாங்கியதை 2024 ஆகஸ்டில் வாங்க 1,623 ரூபாய் வேண்டும். அல்லது, 2024-இன் 1,000 ரூபாய் 2014-இன் 616 ரூபாய்க்குத்தான் சமம். ஓய்வூதியத்தைக் குறைக்கிறோம் என்று யாரும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் அது 38 சதவீதம் குறைந்துவிட்டது. உத்தரவு போட்டுக் குறைத்திருந்தால் ஊரே கேள்வி கேட்டிருக்கும் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் வலிக்கிற விஷயம்.

மறுபக்கம், மத்திய அரசு ஓய்வூதியதாரர்களுக்கு 2016 முதல் குறைந்தபட்சம் 9,000 ரூபாய். 2024 ஜூலைக்கான அகவிலை நிவாரணம் 53 சதவீதம் என்பதால் அது 13,770 ஆனது. இதைப் பார்த்து, அவர்களுக்கு மட்டும் 53 சதவீதம் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னால் அதுவும் பணவீக்கத்தை விட்ட கணக்குத்தான். அந்த 53 சதவீதம் இதே ஆலைத் தொழிலாளர் குறியீட்டெண்ணின் ஏற்றம். அவர்களுடைய உண்மை மதிப்பு கூடவில்லை, தேயாமல் நின்றது, அவ்வளவே. இரண்டு ஓய்வூதியங்களுக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. ஒன்றில் விலைவாசிச் சரிக்கட்டல் விதியிலேயே இருக்கிறது, மற்றொன்றில் இல்லை.

படி 6: வேறொரு குறியீட்டெண்ணை வைத்துச் சோதியுங்கள்

இணைப்புக் காரணியில் ஒரு தசமப் புள்ளி பிசகினாலும் எல்லாம் பாழ். அதனால் இணைப்பே தேவைப்படாத வேறொரு தொடரை எடுத்து ஒருமுறை ஒப்பிடுவது நல்லது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட பொது நுகர்வோர் குறியீட்டெண்ணின் ஆண்டுச் சராசரி 2014-15-இல் 118.9, 2024-25-இல் 192.6. வகுத்தால் 1.62. நம் கணக்கிலும் 410.7 ÷ 253 = 1.62. இரண்டும் ஒத்துப்போவதால் பெரிய தவறு இல்லை என்று நம்பலாம். ஒன்று 1.6, மற்றொன்று 2.1 என்று வந்திருந்தால், பெரும்பாலும் அடிப்படை ஆண்டு இணைப்பிலோ மாதத் தேர்விலோதான் கோளாறு இருக்கும்.

ஆனால் ஒத்துப்போவதால் இந்த எண் ஒவ்வொருவர் வீட்டுக்கும் பொருந்தும் என்று ஆகிவிடாது. ஆலைத் தொழிலாளர் குறியீட்டில் உணவின் பங்கு 2001 தொடரில் சுமார் 46 சதவீதமாக இருந்து 2016 தொடரில் சுமார் 39 சதவீதமாகக் குறைந்தது. அது வேலையில் இருக்கும் குடும்பத்தின் செலவுப் பட்டியல். எழுபது வயதுக்காரரின் செலவில் மாத்திரை மருந்து பெரிய பங்கு பிடிக்கும். ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கும் வீட்டில் அரிசி விலை ஏற்றம் அவ்வளவாகத் தெரியாது. எனவே 616 ரூபாய் என்பதைச் சராசரி மதிப்பீடாக எடுத்துக்கொள்ளுங்கள். 600-க்கும் 630-க்கும் வாதாடுவதில் பொருளில்லை.

படி 7: கேள்வி உண்மையிலேயே விலையைப் பற்றியதா என்று பாருங்கள்

எல்லாக் கேள்விக்கும் விலைக் குறியீட்டெண் விடை தராது. "15,000 ரூபாய் எவ்வளவு வாங்கும்?" என்றால் விலை. "15,000 என்ற வரம்புக்குள் எத்தனை பேர் வருவார்கள்?" என்றால் அது விலையைப் பற்றிய கேள்வியே அல்ல, கூலியைப் பற்றியது. உச்சவரம்பு இரண்டு வேலையையும் செய்கிறது. 2024-இல், புதிதாகச் சேரும்போது 15,000 அல்லது அதற்குக் கீழ் ஊதியம் வாங்குபவருக்குத்தான் பி.எஃப். கட்டாயமாக இருந்தது.

அதனால் இங்கே குறியீட்டெண்ணை ஒதுக்கிவைத்துவிட்டுக் கூலியைப் பக்கத்தில் வைக்க வேண்டும். மத்திய அரசின் வரம்புக்குட்பட்ட கட்டுமானம், துப்புரவு போன்ற வேலைகளில், பெருநகரங்கள் அடங்கிய முதல் பிரிவுப் பகுதியில், திறன் தேவைப்படாத தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலி 2024 அக்டோபர் 1 முதல் நாளுக்கு 783 ரூபாய். 26 நாளுக்கு 20,358 ரூபாய். சட்டப்படி கொடுக்க வேண்டிய ஆகக் குறைந்த கூலியே உச்சவரம்பைத் தாண்டிவிட்டது. அந்தக் கூலியில் அன்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு, இதற்கு முன் பி.எஃப். கணக்கு இல்லையென்றால், உறுப்பினர் ஆவது கட்டாயமில்லை. முதலாளியும் அவரும் சேர்ந்து விரும்பினால்தான் உண்டு.